பாங்கு சொன்ன பிறகு

ஆறு மணி அடித்ததும் பாட்டி விளக்கைக் கையில் எடுத்தார். கும்பகோணத்தில் அறுபது வருஷப் பழக்கம். யாழினி சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, இன்னும் வெயில் அடிக்குது லா."

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பதினான்காவது மாடி. பால்கனிக் கம்பிகளின் நிழல் கூடத்துத் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. பாட்டி கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விளக்கைத் திரும்ப வைத்துவிட்டார்.

"அப்போ உங்க ஊர்ல எப்பத்தான் பொழுது சாயும்?"

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்லுவாங்க இல்ல, அப்போ. ஏழே காலுக்கு மேல."

மாலைத் தொழுகைக்கான பாங்கு சூரியன் மறைந்ததும் சொல்வது. கோலாலம்பூரில் மாதத்தைப் பொறுத்து ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் வரும். இது ஜூன் மாதம் என்பதால் ஏழு இருபதைத் தாண்டிவிடும். எதிர்வீட்டு ஆச்சி இதே ஊரில், செந்தூலில் பிறந்து வளர்ந்தவர். அன்று கறிவேப்பிலை கொடுக்க வந்தவர் இன்னொன்றும் சொன்னார்: "1982-ல கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளிட்டாங்கம்மா. அதுவரைக்கும் எங்கம்மா ஜூன்ல ஏழுக்கு முன்னாடியே விளக்கு வெச்சிடுவாங்க."

"கடிகாரத்தை யாரு வேணா தள்ளலாம். வானத்தைத் தள்ள முடியாதே," என்றார் பாட்டி. "சரி கண்ணு, ஒரு மணி நேரம் இருக்கு. திரி போடலாம், வா."

கடையில் பாக்கெட்டில் விற்கும் திரியைக் குறை சொல்வதற்கில்லை, அவசரத்துக்கு ஆகும். ஆனால் திரி எப்படி எரிகிறது என்பது கையால் திரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். பாட்டி ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்துக் கொட்டைத் துணுக்குகளைப் பொறுக்கிப் போட்டார். நான்கு விரல் நீளத்துக்கு மெல்ல இழுத்தார். விரல் நுனியில் கொஞ்சம் விபூதி தொட்டுக்கொண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரே பக்கமாக உருட்டினார்.

"விபூதி எதுக்கு பாட்டி?"

"கை வழுக்காது. பஞ்சு பிடிச்சுக்கும்."

யாழினியின் முதல் திரி கயிறு மாதிரி இறுகியிருந்தது. பாட்டி அதைப் பிரித்துக் கொடுத்தார். "இவ்வளவு முறுக்கினா எண்ணெய் மேல ஏறாது. திரிதான் எரியும், எண்ணெய் அப்படியே இருக்கும்." இரண்டாவது திரி தொளதொளவென்று பூனை வால் மாதிரி இருந்தது. "இது எண்ணெயை ஒரேயடியா இழுக்கும். சுடர் பெரிசா நின்னு புகையும். சுவர் கறுத்துப்போகும்." ஐந்தாவதுதான் தேறியது. பாட்டி அதோடு தன்னுடைய திரி ஒன்றைச் சேர்த்து லேசாக முறுக்கினார். இரண்டு இழை சேர்ந்தால்தான் ஒரு திரி.

காமாட்சி விளக்கைக் காலையிலேயே புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பதை யாழினி ஆசையாகச் செய்தாள். பாட்டி துணைக்குக் கூட வரவில்லை.

வைக்கும் இடத்துக்குத்தான் நேரம் பிடித்தது. பூஜை அலமாரிக்கு நேர் மேலே மின்விசிறி. பால்கனிப் பக்கம் திரைச்சீலை. கடைசியில் கூடத்தின் மூலையில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, மேலே பித்தளைத் தட்டு வைத்து, தட்டில் விளக்கை வைத்தார்கள். முகப்பு கிழக்கு பார்த்து இருந்தது. ஊராயிருந்தால் கொல்லைக் கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறந்திருப்பார். இங்கே இருந்தது ஒரே கதவு. அதைத் திறந்துவைத்து இரும்புக் கிரில்லை மட்டும் பூட்டினார். கூட்டுவதை அதற்கு முன்பே முடித்தாயிற்று, விளக்கு வைத்த பிறகு விளக்குமாற்றைத் தொடுவதில்லை.

பாங்கு கேட்டது.

யாழினி மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொங்கிய பின்னலைத் தானாகவே முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டாள். மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டாள். திரியை முழுக்க எண்ணெயில் தோய்த்து, குழிக்குள் படுக்க வைத்து, நுனியை மட்டும் முகப்பில் வெளியே விட்டாள்.

"எவ்வளவு வெளியே பாட்டி?"

"ஒரு நெல்லு அளவு."

யாழினி நெல்லைப் பார்த்ததில்லை. பாட்டி சமையலறைக்குப் போய் ஓர் அரிசியைக் கொண்டுவந்து திரி நுனியின் பக்கத்தில் வைத்தார். "இதுக்கு ஒரு சட்டை போட்டா நெல்லு. அவ்வளவுதான். நீளமா விட்டா புகையும், எண்ணெயும் நுனி வழியா சொட்டும்."

"கொளுத்தவா?"

"குப்பையைக் கொளுத்துவாங்க. விளக்கை ஏத்துவாங்க."

தீக்குச்சியை நேராகத் திரியில் வைக்கவிடவில்லை. குச்சியின் கரித்துண்டு உடைந்து எண்ணெயில் விழும். ஓர் ஓரத்து அகலில் சின்னத் திரி ஏற்றி, அதிலிருந்து ஊதுவத்தியைப் பற்றவைத்து, அதன் தீயால் காமாட்சியின் திரியைத் தொடச் சொன்னார். யாழினியின் மணிக்கட்டைப் பாட்டியின் கை தாங்கியிருந்தது. சுடர் நீலமாகத் தொட்டு, மஞ்சளாக நிமிர்ந்தது.

உடனே சடசடவென்று பொரிந்தது. யாழினி பின்வாங்கினாள்.

"பயப்படாதே, தண்ணி. கழுவின விளக்கோட மூலையில ஈரம் நின்னிருக்கு. நான்தான் சரியாத் துடைக்கல."

யாழினி கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தாள்.

"வாயால ஊதக் கூடாது. அணைக்கிறதுன்னும் சொல்லக் கூடாது. மலையேத்தறதுன்னு சொல்லு." பாட்டி ஒரு மல்லிகைக் காம்பால் திரியின் நுனியை மெதுவாக உள்ளே தள்ளினார். சுடர் எண்ணெயில் முங்கி மறைந்தது. சூடு ஆறும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, பருத்தித் துணியின் முனையை விரலில் சுற்றி, முகப்பின் இடுக்கு வரை துடைத்தாள் யாழினி. ஈரம் பட்ட எண்ணெயைத் திரும்ப விடவில்லை. புது எண்ணெய், புதுத் திரி.

இந்த முறை சத்தம் இல்லை. சுடர் அசையாமல் நின்றது, ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு. விளக்கின் பின்தகட்டில் இருந்த அம்மன் முகத்தில் வெளிச்சம் ஏறியது. வேலையிலிருந்து வந்த அம்மா கிரில்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றியபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

அரை மணி கழித்துச் சுடர் மங்கியது. திரி நுனியில் கருக்கு கட்டியிருந்தது. குச்சியால் அதைத் தட்டிவிட்டு, ஓர் அரிசி அளவு திரியை முன்னால் இழுத்துவிடும் வேலையை யாழினியே செய்தாள். எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கியதும் அரைக் கரண்டி விட்டாள். எண்ணெய் தீர்ந்து திரி காய்ந்து எரியும்வரை விடக் கூடாது, கருகல் வாடை வீடு முழுக்க நிற்கும். படுக்கப் போகுமுன் காம்பால் மலையேற்றினாள். ஊதவில்லை.

பாட்டி இருந்த ஐந்து வாரமும் திரி போடுவது யாழினியின் வேலையாயிற்று. பஞ்சுச் சுருளும் விபூதிச் சம்புடமும் அவள் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன.

பாட்டி ஊருக்குப் போய் நான்காம் நாள், ஏழு இருபத்தேழுக்கு, அவர் கைபேசியில் காணொளி அழைப்பு வந்தது. கும்பகோணத்தில் மணி ஐந்துகூட ஆகவில்லை. அவருடைய குத்துவிளக்கின் தட்டுகள் தேய்த்துக் கவிழ்த்தபடி திண்ணை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏத்திட்டேன் பாட்டி. உங்களுக்கு முன்னாடியே."

திரை முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம். "கொஞ்சம் தள்ளிப் பிடிடி, ஒண்ணும் தெரியல." கைபேசி பின்னால் நகர்ந்தது. தட்டு, மணை, காமாட்சி, கூப்பிய ஒரு கை.

பாட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"திரி ரெண்டு நெல்லு நீளத்துக்கு நிக்குது கண்ணு. குச்சியால உள்ள தள்ளு."