எச்.எஸ்.சி. ரிசல்ட் வந்தாச்சு, எங்கள் கணக்கு முழுசாக இதோ

எழுதி முடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் வாழ்த்துகள். நீங்கள் படித்தீர்கள், நீங்கள் எழுதினீர்கள், ரிசல்ட்டும் உங்களுடையதுதான். ரோஸ் ஹில்லில் மாடியில் நடக்கிற இந்த டியூஷன் லெசோனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அது எவ்வளவு என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மேலே படத்தில் யார் முகமும் இல்லை, பார்த்திருப்பீர்கள். நம் கரும்பலகை மட்டும்தான். முகம் போட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் கிரேடு போட்டு, பானர் அடிக்கலாமே என்று ரிசல்ட் வந்த அன்றே சில பேர் கேட்டார்கள். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து அதே உழைப்பு உழைத்து சி எடுத்த பையனும் அந்தப் பானரின் கீழே நின்றுதான் மாடியேற வேண்டும். அதனால் போடவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். போன வருடம் ஜனவரியில் கிரேடு 13-க்கு எங்களிடம் பெயர் கொடுத்தவர்கள் 46 பேர். நடுவில் 5 பேர் நின்றுவிட்டார்கள், சிலர் வேறு இடம் போனார்கள், சிலர் வீட்டிலேயே படிப்பதாகச் சொன்னார்கள். தேர்வு எழுதியது 41 பேர். அவர்களில் 38 பேருக்கு எச்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்திருக்கிறது, 3 பேருக்கு இந்த முறை கிடைக்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று போட வேண்டுமென்றால் அந்த மூன்று பேரை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். அவர்கள் எங்கள் பிள்ளைகள், ஒளித்து வைக்க முடியாது.

பாடவாரியாக: கணக்கு எங்களிடம் படித்தவர்கள் 29 பேர், அதில் ஏ 9, பி 8, சி 5, டி 4, ஈ 2, ஒருவர் தேறவில்லை. கெமிஸ்ட்ரி 22 பேர், ஏ 5, பி 6, சி 5, டி 3, ஈ 2, இங்கேயும் ஒருவர் தேறவில்லை. ஃபிசிக்ஸ் 17 பேர், ஏ 3, பி 4, சி 5, டி 3, ஈ 2, எல்லோரும் தேறிவிட்டார்கள். தமிழ் 6 பேர், ஏ 2, பி 3, சி 1. தமிழ் வகுப்பு சின்ன வகுப்பு, ஆறு பேரை வைத்துக்கொண்டு சதவீதம் போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அதனால் தலைக்கணக்காகவே இருக்கட்டும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஏ எல்லாவற்றையும் கூட்டினால் 19 வரும். 'எங்களிடம் 19 ஏ' என்று எழுதினால் அது பொய் இல்லை, ஆனால் படிக்கிற அம்மா 19 பிள்ளைகள் ஏ எடுத்ததாகத்தான் நினைப்பார். அந்த 19 ஏ-யும் 11 பிள்ளைகளிடம் இருக்கிறது, ஒரே ஆள் கணக்கிலும் கெமிஸ்ட்ரியிலும் ஏ எடுத்தால் இரண்டாகக் கணக்காகிவிடும். இப்படி எழுதுகிற எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், எங்களுடையதாகவே இருந்தாலும், 'எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் எடுத்தார்கள்' என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்களுக்கே புரிந்துவிடும்.

இன்னொன்று. கணக்கில் ஏ எடுத்த 9 பேரில் 6 பேர் எஸ்.சி. தேர்விலேயே கணக்கில் கிரேடு 1 வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தவர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை நன்றாக எழுதியதில் லெசோனின் மந்திரம் என்ன பெரிதாக இருக்கப் போகிறது? ஒழுங்காகக் கேள்வித்தாள் கொடுத்தோம், திருத்தினோம், குழப்பம் வந்த இடத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம். அவ்வளவுதான். எங்களுக்கு அதிகச் சந்தோஷம் தருவது இன்னொரு பக்கம்: ஜூலையில் நாங்கள் வைத்த மாதிரித் தேர்வில் கணக்கில் தேறாத 7 பேரில் 6 பேர் இப்போது தேறியிருக்கிறார்கள், இரண்டு பேர் சி வரை வந்திருக்கிறார்கள்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, 'உங்களிடம் லொரேயா உண்டா?'

உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், அதனால் விவரமாகச் சொல்கிறோம். லொரேயா என்கிற அரசு உதவித்தொகைப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு மாணவி எங்களிடம் கெமிஸ்ட்ரி மட்டும், அதுவும் கடைசி டெர்மில் ரிவிஷனுக்கு வந்தவர். மற்ற பாடங்களை அவர் பள்ளியிலும் வேறு ஆசிரியர்களிடமும் படித்தார், கெமிஸ்ட்ரியின் பெரும் பகுதியையும் பள்ளி ஆசிரியர்தான் முடித்துக் கொடுத்திருந்தார். நாலு இடத்தில் படித்த ஒரு பிள்ளையின் படம் நாலு இடத்து பானரிலும் 'எங்கள் லொரேயா' என்று தொங்குவதை நம் தீவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் ஐந்தாவதாக நிற்க எங்களுக்கு ஆசை இல்லை. பெயர் வேண்டாம் என்று அவரும் அவருடைய அம்மாவும் சொன்னார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தங்கச்சி, நீ எங்கே போய்ப் படித்தாலும் நன்றாக இரு.

அப்புறம் இந்த 'தீவிலேயே மூன்றாவது', 'கெமிஸ்ட்ரியில் நாட்டிலேயே முதல்' மாதிரி வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற வரிகள். எங்கள் பிள்ளைகள் பேரிலும் இரண்டு மூன்று வந்திருக்கிறது, யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை, நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் கையில் இருப்பது பிள்ளைகள் கொண்டுவந்து காட்டிய ரிசல்ட் ஸ்லிப், அதில் கிரேடு இருக்கிறது. தீவில் மற்ற எல்லோரும் என்ன எடுத்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? லொரேயா பட்டியல் அரசு வெளியிடுவது, சயன்ஸ், எகனாமிக்ஸ், ஆர்ட்ஸ், டெக்னிகல் என்று பிரிவு பிரிவாக வருவது. அதில் பெயர் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் நாங்களாக ஒரு ரேங்க் எழுதிக்கொள்ள மாட்டோம். அப்படி ஏதாவது எங்கள் பெயர் போட்டு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் பண்ணாதீர்கள்.

உழைப்பைப் பற்றி எழுதாமல் முடித்தால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை.

கெமிஸ்ட்ரியில் பேப்பர் 5 என்று ஒன்று உண்டு, எழுதியவர்களுக்குத் தெரியும், கேட்டாலே முகம் சுருங்கும். சோதனையை நேரில் செய்ய வேண்டியதில்லை, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டு எழுத வேண்டும். ஆகஸ்டு வரைக்கும் பாதிப் பேருக்கு அதில்தான் மார்க் போனது. இரண்டு பிள்ளைகள் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருத்தி செய்முறையை எழுதிக் கொடுப்பாள், மற்றவள் அதில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே செய்வாள், வெறும் தண்ணீரையும் ஒரு பிப்பெட்டையும் வைத்துக்கொண்டு. 'ஆசிட் சேர்க்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு என்று இல்லையே என்று பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள், அசைய மாட்டாள். எழுதினவளுக்குக் கோபம் வரும், வகுப்பே சிரிக்கும், ஆனால் அடுத்த தடவை '25.0 கன சென்டிமீட்டர்' என்று சரியாக வந்துவிடும். ஒரு மாதத்தில் பாதி வகுப்பு ஜோடி ஜோடியாக இதையே செய்துகொண்டிருந்தது. இந்த வருடப் பிள்ளைகளுக்கும் இதையே வைக்கப் போகிறோம், யோசனை அந்த இரண்டு பேருடையது என்று சொல்லித்தான் வைப்போம்.

பம்பூவிலிருந்து பஸ் பிடித்து கத்ர் போர்ன் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் ரோஸ் ஹில் வந்த தம்பி ஒருவர் உண்டு. வகுப்பு நாலரைக்கு, வீடு போய்ச் சேர எட்டு ஆகும். சனிக்கிழமை காலையில் சந்தையில் அப்பாவின் காய்கறிக் கடையில் நின்றுவிட்டு, கையில் கொத்தமல்லி வாசனையோடு வகுப்புக்கு வந்த பிள்ளையும் உண்டு, இன்டெக்ரேஷனில் '+ C' போட மறக்கிறேன் என்று நோட்டில் ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் சிவப்பில் அதையே எழுதி வைத்திருந்தார். முதலாமவருக்கு கணக்கில் சி, இரண்டாமவருக்கு பி. ஏ பட்டியலில் இவர்கள் பெயர் வராது, அதனால்தான் இங்கே சொல்கிறோம். இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதினோம்.

பள்ளி ஆசிரியர்களுக்கு நன்றி. பகல் முழுக்க சிலபஸை முடித்துக் கொடுப்பது நீங்கள், சாயங்காலம் வருகிற எங்களுக்குப் பாதி வேலை குறைந்துவிடுகிறது. மாலையில் காத்தோ பிமா பொட்டலத்தோடு வந்து கீழே வாசலில் காத்திருந்த அப்பா அம்மாக்களுக்கும், புயல் எச்சரிக்கையில் பள்ளியும் லெசோனும் மூடிய நாட்களில் ஒரே போனை அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஆன்லைனில் வந்த வீடுகளுக்கும் நன்றி.

தேறாத மூன்று பேருக்கும், நினைத்த கிரேடு வராதவர்களுக்கும்: இந்த வாரம் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மறுபடி எழுதலாம் என்று தோன்றினால் வாருங்கள், எந்தப் பாடம், எந்தப் பேப்பரில் மார்க் போனது என்று உட்கார்ந்து பார்ப்போம். அந்த மூன்று பேரிடம் இந்த வருடம் ஃபீஸ் வாங்கப் போவதில்லை. திரும்ப எழுத வேண்டாம், வேறு கோர்ஸ் பார்க்கலாம் என்றாலும் பேசலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அண்ணன் பிள்ளை என்ன எடுத்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தாள் என்று இப்போது ஆரம்பிக்காதீர்கள், காவடி முடிந்து கோவிலில் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போதும் வேண்டாம்.

மேலே உள்ள எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்றால் வேலை நாட்களில் மூன்று மணிக்கு மேல் ஆபீசுக்கு வாருங்கள், பெயர் மறைத்த ரிசல்ட் நகல்கள் ஃபைலில் இருக்கின்றன, பிள்ளைகளின் சம்மதத்தோடு வைத்திருக்கிறோம். இந்தப் பதிவைப் பகிர்வதென்றால் முழுசாகப் பகிருங்கள், ஏ எண்ணிக்கையை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு எழுதிய 41 பேரும் மாடிக்கு வந்துவிடுங்கள், நடுவில் நின்ற 5 பேரும் வந்தால் இன்னும் சந்தோஷம். டால்பூரி சொல்லியிருக்கிறோம். பழைய கேள்வித்தாள், நோட்டு எதையாவது இந்த வருடப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தால் அன்றைக்கே எடுத்து வாருங்கள், '+ C' நோட்டை ஏற்கெனவே மூன்று பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள்.