ஒரே சேதி, மூணு இடம்

கண்ணு, சேதி ஒண்ணுதான். ஜூலை 31ஓட என் கம்பெனி வேலை முடிஞ்சுது. ஆகஸ்ட் 7லிருந்து அப்பா தறியில நெய்யற ஜமக்காளத்தை நாமளே நேரா விக்கிறோம். மூணு இடத்துக்கும் தனித்தனியா எழுதி வெச்சிருக்கேன். ஒண்ணை எடுத்து மூணுலயும் ஒட்டிப் போடாதே. போன வருசம் வீட்டுப் பால் காய்ச்சுற பத்திரிகையை லிங்க்ட்இன்ல போட்டேன், ஞாபகமிருக்கா? பழைய பையர் ஒருத்தர் "புதிய பொறுப்புக்கு வாழ்த்துகள்"னு எழுதினாரு.

லிங்க்ட்இன்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஜூலை 31 அன்று விடைபெற்றுவிட்டேன். ஆகஸ்ட் 7 முதல் பவானியில், குழித்தறியில் நெய்யப்படும் ஜமக்காளங்களை நேரடியாக விற்கும் ஒரு சிறு தொழிலைத் தொடங்குகிறேன்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905இல் இதே தேதியில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக, 2015 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு வரலாற்றைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. என் முதல் 40 ஜமக்காளங்கள் அன்றைக்குத்தான் தயாராகின்றன.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்ட ரகம். இருந்தும் விசைத்தறியில் ஓட்டியது பவானியின் பெயரிலேயே சந்தையில் கிடைக்கிறது, குறைந்த விலைக்கு. விலையில் அதோடு மோத முடியாது, மோதவும் போவதில்லை. என்னால் முடிந்தது, ஏற்றுமதியில் கற்ற ஒழுங்கைத் தறிக்குக் கொண்டுபோவது. ஒவ்வொரு நிறத்துக்கும் லேப் டிப் எனும் சாயமிட்ட சிறு மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்குவது, சாயம் போகிறதா என்று துவைத்துச் சோதிப்பது, அளவில் எத்தனை அங்குலம் கூடலாம் குறையலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் தருவது, சொன்ன தேதிக்கு அனுப்புவது.

சொன்ன தேதி என்றதும் ஒரு விஷயம். குழித்தறிக்கு மழைக்காலம் ஆகாது. குழியில் ஈரம் ஊறும், பாவு சரியாக ஓடாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை ஆர்டர்களுக்கு 3 வாரம் கூடுதலாகக் கேட்பேன். இதை இப்போதே சொல்லிவிடுவது, பிறகு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவதைவிட மேல். அந்த மின்னஞ்சல்களை 14 ஆண்டுகள் எழுதியிருக்கிறேன்.

தங்கும் விடுதிகள், உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள், கைவினைப் பொருள் கடைகள் வைத்திருப்பவர்கள் பேசலாம். குறைந்தபட்ச ஆர்டர் ஒரு நிறத்துக்கு 12. மாதிரித் துண்டு அனுப்புகிறேன், கூரியர் செலவு என்னுடையது.

என் குழுவில் இருந்தவர்களுக்கு நன்றி. இரவு பதினொரு மணிக்கு ஷிப்மென்ட் பெட்டிகளை என்னோடு உட்கார்ந்து எண்ணிய பேக்கிங் பிரிவு அக்காக்களுக்குத் தனியாக.

(அப்பாவோட முழங்கால் வலி, லோன், இதெல்லாம் இங்க வேண்டாம். பையர் படிச்சா "நாளைக்கு இவர் நெய்வாரா"ன்னுதான் யோசிப்பாரு. வேலையை ஏன் விட்டேன்னு யாராவது கமெண்ட்ல கேட்டா நீ பதில் போடாதே, நான் பாத்துக்கறேன்.)

இன்ஸ்டாகிராம்

(5 படம். முதல் படம் நாடா பிடிச்ச கை. முகம் கடைசிப் படத்துல மட்டும். பாட்டு எதுவும் சேர்க்காதே, தறிச் சத்தமே போதும்.)

தடக். தடக். தடக்.

இந்தச் சத்தத்துலதான் நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன். தறி நின்னா தூக்கம் கலைஞ்சிரும்.

கல்யாண வீட்டுல பெருசுங்க உட்கார விரிப்பாங்களே, சிவப்பு, பச்சை, நீலம்னு பட்டை பட்டையா? அதேதான். பவானி ஜமக்காளம். பரண் மேல சுருட்டி வெச்சிருப்பீங்க, போய் எடுத்துப் பாருங்க. உங்க வயசைவிட அதுக்கு வயசு கூட இருக்கும்.

அகலமான ஜமக்காளத்துக்கு ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரணும். ஊடு நூலைக் கொண்டுபோற நாடாவை இவர் தள்ளுனா அவர் பிடிக்கணும், அவர் தள்ளுறதை இவர். ஆத்தாவும் அப்பாவும் அப்படித்தான் நெய்வாங்க. சண்டை போட்ட நாள்லயும் நாடா மட்டும் தவறாம போயி வரும்.

இப்ப ஆத்தா உக்காந்த இடத்துல நான். ரெண்டாவது படத்துல ஓரம் கோணலா இருக்கு பாருங்க? அது நான் நெய்தது. அது விற்பனைக்கு இல்லை, எங்க வீட்டுத் திண்ணைக்கு.

மத்த 40ம் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் நெய்தது. ஓரம் நேரா இருக்கும், பயப்படாதீங்க.

ஆகஸ்ட் 7 காலைல 10 மணிக்குத் திறக்கறோம். 3 அடிக்கு 6 அடி, ரூ. 1,450. நிறத்தைச் சொல்லி மெசேஜ் பண்ணுங்க. "விலை என்ன"ன்னு கமெண்ட்ல கேட்டா மேல வரியைக் காட்டுவேன் 🙂

அஞ்சாவது படம் வரைக்கும் தள்ளிட்டீங்களா? அதுதான் அப்பா. போட்டோன்னதும் சட்டை மாத்திட்டு வந்துட்டாரு.

#பவானிஜமக்காளம் #கைத்தறி #குழித்தறி #பவானி

குடும்ப குரூப், ஸ்டேட்டஸ்

(குரூப்ல முழுசா போடு. ஸ்டேட்டஸ்ல ரெண்டா பிரிச்சுப் போடு, ஆபீஸ் ஆளுங்களுக்குத் தெரியாத மாதிரி மறைச்சு வெச்சுட்டு.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலு பேர் வழியா நாலு விதமா சேதி வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன். நான் திருப்பூர் வேலையை விட்டுட்டேன். யாரும் அனுப்பலீங்க, நானாத்தான் வந்தேன். இனி பவானியில அப்பாகூட ஜமக்காள யாவாரம்.

பெரியப்பா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். ஆமாங்க, ஆடி மாசம்தான். ஆனா பூஜை பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கே போட்டாச்சு. கூடுதுறையில முழுகி, சங்கமேஸ்வரரைக் கும்புட்டுட்டு வந்துதான் தறிக்குப் பொட்டு வெச்சோம். அதைவிட நல்ல நாள் எதுங்க?

அத்தை, நகை ஒண்ணும் அடகு வெக்கலீங்க. பி.எஃப். பணம் வரும், அதுபோக பேங்க்ல சின்னதா ஒரு லோன். உங்க மருமகனுக்கு வேலை அப்படியே இருக்குது. பசங்க பள்ளிக்கூடமும் மாத்தலை, வாரத்துல நாலு நாள் நான் பஸ்ல போயிட்டு வந்துருவேன்.

அப்பாவுக்கு முழங்கால் முன்ன மாதிரி இல்ல. குழியில இறங்கி ஏற கஷ்டப்படறாரு. தறியைப் பிரிச்சுப் போட்டுறலாம்னு தைப்பொங்கலப்ப சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவ்வளவுதானுங்க காரணம். வேற யாருகிட்டயும் இதைச் சொல்லலை, நீங்களும் அவருகிட்ட கேக்காதீங்க. "ஜமக்காளம் ரொம்ப அழகா இருக்குது"ன்னு மட்டும் சொல்லுங்க, ரெண்டு நாளைக்கு நடை மாறிடும்.

சித்தி, மதுரைக் கல்யாணத்துக்கு 6 வேணும்னீங்களே, எடுத்து வெச்சிருக்கேன். சொந்தக்காரங்களுக்கு ரூ. 1,300. ஓசி கிடையாதுங்க, இப்பவே சொல்லிட்டேன். மாமா, நீங்க சிரிக்கறது எனக்குத் தெரியுது.

கடைக்குப் பேரு வெக்க ஆளாளுக்குக் கிளம்பிராதீங்க. ஆத்தா பேருதான், முடிவாயிருச்சு.

ஏழாந்தேதி காலைல வீட்டுக்கு வரோணும். இட்லி, கொள்ளுப் பருப்பு, பால் பாயசம். காலை வணக்கம் படங்களுக்கு நடுவுல இது மேல போயிரும், அதனால படிச்சவங்க எத்தனை பேர் வர்றீங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க. கை கூப்புற பொம்மை மட்டும் போட்டா அரிசி எவ்வளவு ஊற வெக்கறதுன்னு தெரியாது.