பணி விலகல் கடிதம்

உடுமலைப்பேட்டை,
04.11.2024

அனுப்புநர்
தி. மலர்விழி, எம்.எஸ்சி., பி.எட்.,
முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
மேல்நிலைப் பிரிவு.

பெறுநர்
தாளாளர் அவர்கள்,
வழி: தலைமை ஆசிரியர் அவர்கள்.

பொருள்: தந்தையின் உடல்நலக் குறைவு காரணமாக 30.11.2024 பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்க வேண்டுதல் – பொறுப்பு ஒப்படைப்பு விவரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 05.06.2017 முதல் நம் பள்ளியில் முதுகலை வேதியியல் ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். 30.11.2024 சனிக்கிழமை பிற்பகல் முதல் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். இக்கடிதத்தை என் பணி விலகல் கடிதமாக ஏற்று, அன்றைய தேதியில் என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடையநல்லூரில் இருக்கும் என் தந்தைக்கு (வயது 72) அக்டோபர் 12 அன்று பக்கவாதம் ஏற்பட்டது. வலது கையும் காலும் செயலிழந்துள்ளன, பேச்சு குழறுகிறது, விழுங்கவும் முடியவில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மி.லி. கஞ்சியோ பாலோ கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இதில் அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சளி கட்டிவிடும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். காலையும் மாலையும் இயன்முறைப் பயிற்சி வேறு. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், அப்பாவைத் தூக்கிப் புரட்ட அவரால் ஆகாது. அண்ணன் குவைத்தில் இருக்கிறார். பணம் அனுப்ப முடிகிறதே தவிர வந்து இருக்க வழியில்லை. இரவுக்கு மட்டும் ஓர் உதவியாளர் கிடைத்திருக்கிறார். பகல் பொழுதுக்கு வீட்டு ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தின் நகலை இணைத்துள்ளேன்.

நீண்ட விடுப்பு எடுத்துப் பார்க்கலாமே என்று தலைமை ஆசிரியர் அன்போடு கேட்டார். அதையும் யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். முதல் ஆறு மாதங்களில்தான் இந்த நோயில் முன்னேற்றம் அதிகம் தெரியும் என்கிறார்கள். அந்த ஆறு மாதமும் நம் கல்வியாண்டின் மீதி நாட்களும் ஒன்றாகவே ஓடுகின்றன. நான் விடுப்பில் இருந்தால் என் இடம் காலி என்று காட்ட முடியாது. தற்காலிகமாக வருபவர் நல்ல இடம் கிடைத்ததும் ஜனவரியில் கிளம்பிவிடுவார். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு பிப்ரவரி 7 முதல் 14 வரை, பொதுத்தேர்வு மார்ச் 3 அன்று தொடக்கம் என்று அட்டவணை வந்துவிட்டது. அகத் தேர்வாளராகப் பணியில் இருக்கும் ஒருவரின் பெயரைத்தான் தர முடியும். டிசம்பரில் நிரந்தரமாக ஒருவர் சேர்ந்தால் அரையாண்டுத் தேர்வின்போதே பிள்ளைகளைப் புரிந்துகொள்வார், செய்முறைக்கும் அவரே நிற்பார். பாதி வருடத்தில் ஆசிரியர் மாறுவது பிள்ளைகளுக்குச் சிரமம்தான். இரண்டு முறை மாறினால் அதைவிடச் சிரமம்.

என் பணி நியமன ஆணைப்படி மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். நான் தருவது நான்கு வாரத்துக்கும் குறைவு. எஞ்சிய காலத்துக்கு விலக்கு அளிக்க வேண்டுகிறேன். விலக்கு தர இயலாது என்று நிர்வாகம் கருதினால், அதற்கீடான தொகையைத் தவணையில் கட்டிவிடுகிறேன். பணிக்கொடையில் மட்டும் அதைப் பிடித்தம் செய்ய வேண்டாம். பணிக்கொடைச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

ஒப்படைப்பு விவரங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும். புதிதாக வருபவர் யாரையும் தேடி அலையாமல் முதல் நாளே வகுப்புக்குள் போக வேண்டும் என்பதால் விடாமல் எழுதியுள்ளேன்.

பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் (38 பேர்) முதல் தொகுதி ஏழு பாடங்களும் முடிந்து தேர்வும் வைத்தாயிற்று. இரண்டாம் தொகுதியில் அயனிச் சமநிலை, மின்வேதியியல், புறப்பரப்பு வேதியியல் முடிந்தன. ஹைட்ராக்ஸி சேர்மங்கள் பாதியில் நிற்கிறது. அதையும், கார்பனைல் சேர்மங்கள் பாடத்தில் கார்பாக்சிலிக் அமிலத்துக்கு முந்தைய பகுதி வரையிலும் நவம்பர் 30-க்குள் முடித்துவிடுவேன். மீதி: கார்பாக்சிலிக் அமிலப் பகுதி, கரிம நைட்ரஜன் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல். கடைசி இரண்டையும் பிள்ளைகள் தாமாகவே படித்துக்கொள்வார்கள், அவற்றுக்கு அதிக பாடவேளை செலவிட வேண்டாம். நைட்ரஜன் சேர்மங்களுக்குத்தான் நேரம் வேண்டும். பெயர் வினைகளைத் தனித்தனியாக ஒப்பிக்கிறார்கள். ஒரு சேர்மத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்று என்றால் பேனா நின்றுவிடுகிறது. அயனிச் சமநிலைக் கணக்குகளில் சூத்திரம் சரியாகவே வரும், மடக்கை பார்க்கும் இடத்தில்தான் விடை தவறுகிறது. திருப்புதலில் அந்த இடத்தை மட்டும் பிடித்தால் போதும்.

காலாண்டில் தேறாத ஆறு பேரின் விவரம் தனித்தாளில், மூடிய உறையில், தலைமை ஆசிரியரிடம் தரப்படும். நால்வர் புத்தகப் பின்வினாக்களைத் திரும்ப எழுதினாலே தேறிவிடுவார்கள். இருவருக்குச் சமன்பாட்டைச் சமன்செய்வதிலேயே தடுமாற்றம். பத்தாம் வகுப்பு வேதியியலில் இருந்து தொடங்க வேண்டும்.

பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவில் முதல் தொகுதி முழுவதும், இரண்டாம் தொகுதியில் வேதிச்சமநிலையும் கரைசல்களும் முடிந்தன. வேதிப் பிணைப்புகள் இப்போது நடக்கிறது.

ஆய்வகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பருமனறி பகுப்பாய்வுக்கான பெர்மாங்கனேட் கரைசலைச் செய்முறைத் தேர்வுக்கு வாரக்கணக்கில் முன்னதாகத் தயாரித்து வைக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் சிதைந்து, பாட்டிலின் அடியில் பழுப்பாகப் படியும், திறன் குறைந்துவிடும். லிட்டருக்கு சுமார் 3.2 கிராம் கரைத்து, இரண்டு மூன்று நாள் இருட்டில் வைத்து, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டிப் பழுப்புப் பாட்டிலில் ஊற்ற வேண்டும். ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை (லிட்டருக்கு 39.2 கிராம், 0.1 நார்மாலிட்டிக்கு) அன்றன்று காலையில், நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துத்தான் கரைக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் பழைய பாட்டிலில் படிகம் மஞ்சளாகிவிட்டது. அதைப் பயன்படுத்தினால் ப்யூரெட் அளவு குறைவாக வரும், பிள்ளை சரியாகச் செய்தும் மதிப்பெண் போகும். 500 கிராம் புதிதாக வாங்கக் கேட்புச் சீட்டு எழுதி அலுவலகத்தில் தந்திருக்கிறேன். டிசம்பருக்குள் வந்தால் நல்லது. ஆக்ஸாலிக் அமிலத்தை 60–70 டிகிரி வரை சூடாக்கித்தான் முறிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டும். ஆறிவிட்டால் பழுப்புக் கலங்கல் வரும்.

டாலன்ஸ் கரணியை ஒருபோதும் மீத்து வைக்க வேண்டாம். நாள்பட்டால் வெடிக்கும் தன்மையுள்ள படிவு உண்டாகும். சோதனை முடிந்த உடனே நீர்த்த அமிலம் விட்டு, நிறைய தண்ணீரோடு கொட்டிவிட வேண்டும். ஃபெலிங் 'ஏ', 'பி' இரண்டும் தனித்தனிப் பாட்டிலில் மேல்தட்டில் உள்ளன.

50 மி.லி. ப்யூரெட் 32 இருக்கின்றன, அதில் மூன்று குழாயடியில் ஒழுகுகின்றன. சிவப்பு நூல் கட்டித் தனியே வைத்திருக்கிறேன். அடர் அமிலங்கள் கீழ்த்தட்டு மணல் தட்டில். சரக்குப் பதிவேட்டை ஆய்வக உதவியாளருடன் சேர்ந்து நவம்பர் 25 அன்று சரிபார்த்து இருவரும் கையொப்பமிடுவோம். அமில அலமாரி, நச்சுப்பொருள் அலமாரி இரண்டின் சாவிகளையும் தலைமை ஆசிரியரிடமே கொடுப்பேன், வேறு எவரிடமும் அல்ல.

வகுப்பாசிரியர் என்ற முறையில் வருகைப் பதிவேடு, அகமதிப்பீட்டு ஆவணங்கள், மதிப்பெண் பதிவேடு ஆகியவற்றை நவம்பர் 29 வரை எழுதி முடித்துத் தருகிறேன். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் கவனம் தேவை. வருகை எண் 7, 19, 31 ஆகிய மூவரின் தலைப்பெழுத்து எமிஸ் பதிவிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் வேறுபடுகிறது. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, திருத்தம் மட்டும் பாக்கி. இப்போது விட்டால் மதிப்பெண் பட்டியலில் ஏறிவிடும். பிறகு மாற்ற பெற்றோர்தான் அலைய வேண்டியிருக்கும். செய்முறைப் பதிவேடுகளில் 34 பேருடையது திருத்தப்பட்டுக் கையொப்பமும் ஆயிற்று, நால்வர் இன்னும் தரவில்லை. ஜனவரித் திருப்புதல் தேர்வுகளுக்கு இரண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் எழுதி, முத்திரையிட்ட உறையில் தருவேன்.

மாற்று ஆசிரியர் நவம்பர் 25-க்குள் கிடைத்தால், கடைசி வாரம் என் வகுப்புகளில் அவர் உடன் அமரட்டும். ஆய்வகத்தில் இரண்டு அமர்வாவது சேர்ந்து நடத்துவோம். விலகிய பிறகும் புதன், ஞாயிறு இரவு 8 மணிக்கு மேல் அவர் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். பிள்ளைகள் நேரடியாக அழைப்பதைத் தவிர்க்க வேண்டுகிறேன். புதியவரிடம் கேட்கும் பழக்கம் முதலிலேயே வர வேண்டும்; நானும் எந்த நேரத்தில் எடுக்க முடியும் என்று சொல்வதற்கில்லை. வகுப்பில் செய்தியைத் தங்கள் அனுமதி கிடைத்த பின் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அலுவலகத்திலிருந்து நான் வேண்டுவன:

பணி விடுவிப்பு ஆணையும், சேர்ந்த நாள், விலகும் நாள், கற்பித்த வகுப்புகள் குறிப்பிட்ட அனுபவச் சான்றும். பணியில் சேரும்போது ஒப்படைத்த இளங்கலை, முதுகலை, பி.எட். அசல் சான்றிதழ்கள். நவம்பர் மாத முழுச் சம்பளம்.

வருங்கால வைப்பு நிதித் தளத்தில் என் கணக்கில் விலகிய தேதி 30.11.2024 என ஏற்றப்பட வேண்டும். அது விடுபட்டால் படிவம் 19 மூலம் பணம் கோர முடியாமல் நிற்கும். மருத்துவச் செலவு இருப்பதால் இதை மட்டும் சற்று விரைந்து செய்தால் பேருதவி.

ஏழு ஆண்டுகள் நிறைவடைந்துள்ளதால் பணிக்கொடைக்கும் விண்ணப்பிக்கிறேன். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ரூ. 23,400. இதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க ரூ. 13,500; ஏழு ஆண்டுக்கு ரூ. 94,500 வருகிறது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆசிரியர்களும் இச்சட்டத்தில் வருவர். அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துள்ளது. படிவத்தை விடுவிப்பு நாளன்று தருகிறேன்.

புதுமுக ஆசிரியராக வந்த எனக்கு இரண்டாம் ஆண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்பை நம்பிக் கொடுத்தீர்கள். கேட்ட வேதிப்பொருளுக்கு நிர்வாகம் ஒருபோதும் கணக்குப் பார்த்ததில்லை. அதற்கு என் நன்றி. விலகல் ஏற்கப்பட்டதை எழுத்து மூலம் நவம்பர் 11-க்குள் தெரிவித்தால் ஊரில் ஏற்பாடுகளைச் செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தி. மலர்விழி

இணைப்பு:
1. மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம் – நகல்
2. பணி நியமன ஆணை – நகல்
3. பாடப்பகுதி நிலவரப் பட்டியல் – இரு வகுப்புகளுக்கும்
4. வேதிப்பொருள் கேட்புச் சீட்டு – நகல்