சொத்துச் சட்டம்: வினா 3, புள்ளித்திட்டம் (பரீட்சகர் பிரதி)

நேரம் 45 நிமிடம். மொத்தம் 25 புள்ளிகள்.

வினா

சுகந்தியும் நாதனும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள். 2012 இல் திருமணம் செய்தனர். கோண்டாவிலில் உள்ள 3 பரப்புக் காணியைச் சுகந்தியின் பெற்றோர் நொத்தாரிசு உறுதி மூலம் சீதனமாகக் கொடுத்தனர். நாதன் 2021 முதல் கட்டாரில் வேலை செய்கிறார்.

2024 ஜனவரியில், காணியை 60 இலட்சத்துக்கு அயலவர் பாஸ்கரனுக்கு விற்பதாகச் சுகந்தி கொப்பித்தாளில் எழுதி ஒப்பமிட்டார். பாஸ்கரனும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்டனர். 15 இலட்சம் முற்பணம் கைமாறியது. அன்றிரவு நாதன் வட்ஸ்அப்பில், "காணியை விக்கிறது உன்ர விருப்பம்" என்று அனுப்பினார். பாஸ்கரன் காணிக்குள் வந்து, கிணற்றுக் கட்டைத் திருத்த 2 இலட்சம் செலவிட்டார்.

ஜூனில் சுகந்தி அதே காணியை 75 இலட்சத்துக்குக் குகனுக்கு விற்று, நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் உறுதி எழுதினார். நாதன் வேறெந்த எழுத்தும் கொடுக்கவில்லை.

(அ) பாஸ்கரனுக்கு ஆலோசனை கூறுக. (10)
(ஆ) குகனின் உறுதி செல்லுமா? (10)
(இ) நாதன் தேசவழமைக்கு உட்படாத மட்டக்களப்பு வாசியாக இருந்தால் உமது விடை மாறுமா? (5)

புள்ளியிடலும் மாதிரிக் குறிப்புகளும்

(அ) மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் (1840 இன் 7 ஆம் இலக்கம்), பிரிவு 2: ஒப்பமிட்ட எழுத்து, நொத்தாரிசு, ஒரே நேரத்தில் உடனிருந்த இரு சாட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 1, ஆக 3. விற்பனைக்கு மட்டுமன்றி விற்பதாகத் தரும் வாக்குறுதிக்கும் இதுவே விதி. கொப்பித்தாளில் எழுத்தும் சாட்சிகளும் உண்டு, நொத்தாரிசு இல்லை. ஆகவே வலிதற்றது (2). உடைமை பெற்றதும் பணம் கொடுத்ததும் பகுதி நிறைவேற்றமாகி இக்குறையைத் தீர்க்காது (2). முற்பணத்தை நியாயமற்ற செல்வச் சேர்ப்பு என்ற அடிப்படையில் கேட்கலாம். சுகந்தியே பின்வாங்கியதைச் சுட்டவேண்டும் (2). கிணற்றுச் செலவு: மேம்பாட்டு இழப்பீட்டை வாதிட்டால் 1, எந்தப் பக்கம் நின்றாலும்.

"எழுத்தில் இருக்கிறது, ஆகவே செல்லும்" என்று தொடங்கும் விடைகள் நிறைய வரும். விதியைச் சரியாகச் சொல்லிப் பிரயோகத்தில் தவறினால் முதல் 3 ஐக் கொடுங்கள். அடுத்த 2 இல்லை.

(ஆ) இருவரும் தேசவழமைக்கு உட்பட்டோர் (1). சீதனம் மனைவியின் தனிச்சொத்து, தேடியதேட்டமன்று (2). தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தை அரைப் பக்கம் எழுதினாலும் இந்த 2 மட்டுமே. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் (1911 இன் 1 ஆம் இலக்கம்), பிரிவு 6: அசையாச் சொத்தை உயிருடனிருக்கையில் கையளிக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் (2).

வினாவின் உயிர் அந்த வட்ஸ்அப் செய்தி, அதற்கு 4. இதில் இரண்டு கேள்விகள் உண்டு, தலா 2.

முதலாவது, அது "எழுத்து" ஆகுமா? ஆம் என்போர் 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தைக் காட்டுவர். மறுப்போர் அதே சட்டத்தின் பிரிவு 23 அசையாச் சொத்து விற்பனையை விலக்குவதைக் காட்டுவர். சம்மதம் என்பது விற்பனைதானா என்று கேட்பவர் இன்னும் கூர்மையானவர். இரண்டாவது, ஜனவரியில் வந்த சம்மதம் ஜூனில் வேறொருவருக்கு வேறு விலையில் நடந்த விற்பனையைத் தாங்குமா? "காணியை விக்கிறது" பொதுவானது. அனுப்பிய சூழல் பாஸ்கரனுக்குரியது. இரு பக்கமும் எழுதாமல் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னவருக்கு ஒவ்வொன்றிலும் 1.

காரணத்தோடு வந்த எந்த முடிவுக்கும் 1. பிரிவு 8 இன்படி, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தல், கைவிடல் போன்ற நிலைகளில் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் வழங்கலாம். அதைச் சொல்லி இங்கே மறுப்பே இல்லை என்று கண்டால், விடுபட்ட ஒரு புள்ளியை ஈடுசெய்யலாம். மொத்தம் 10 ஐத் தாண்டாது.

(இ) பிரிவு 3: தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஆணை மணந்தால் அத்திருமணம் நிலைக்கும் காலத்தில் அவளுக்கு அது பிரயோகமாகாது (2). எனவே பிரிவு 6 எழாது (1). 1923 இன் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டப்படி அவளே கையளிக்கலாம் (1). குகனின் உறுதி சம்மதக் குறையால் விழாது. (அ) மாறாது, ஏனெனில் நொத்தாரிசு விதி எல்லோருக்கும் பொது (1). கடைசிப் பாதியைப் பெரும்பாலோர் விடுவர்; அரைப் புள்ளி பிரிக்கவேண்டாம்.

பரீட்சகர் கவனத்துக்கு

75 இலட்சம் என்பது திசைதிருப்பும் தகவல். சுகந்தியின் பேராசை பற்றிய பத்திகளுக்குப் புள்ளி இல்லை, கழிப்பும் இல்லை. பதிவு முன்னுரிமைக்கும் அப்படியே: பதிவுத் திகதிகள் தரப்படவில்லை.

(ஆ) இல் சீதனத்தைத் தேடியதேட்டம் என்று பிழைத்தவர் அந்த 2 ஐ இழப்பார். பிறகு தன் பிழையோடு ஒத்துப்போகும்படி வாதிட்டால், செய்திக்கான 4 ஐயும் முழுதாக மதிப்பிடுங்கள். ஒரு பிழைக்கு இருமுறை தண்டனை வேண்டாம். பிரிவு எண் பிழைத்து விதி சரியாயின் முழுப் புள்ளி.

முதல் 10 விடைத்தாள்களை இரு பரீட்சகரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3 ஐத் தாண்டினால் பெரும்பாலும் செய்திக்கான 4 இலேயே இருக்கும். அதை மட்டும் மறுபடி பேசித் தீர்த்தபின் மிகுதியைத் திருத்துங்கள்.