எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு ஓவியம் வந்து சேர்ந்தது

அன்புள்ள குமரனுக்கு,

உன் ஓவியம் நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்ததுமே எண்ணெய் வண்ண வாசம். இன்னும் முழுசாகக் காயவில்லை, தொட வேண்டாம் என்று நீ எழுதி வைத்திருந்தாய். தொட்டுவிட்டேன். வலது ஓரத்தில், சுவர் இருக்கிற இடத்தில்தான். முகம் எதையும் தொடவில்லை.

அந்தப் பழைய வகுப்புப் புகைப்படத்தை உன்னிடம் வரையக் கொடுக்கும்போது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1987இல் எடுத்தது. ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது இரண்டாம் வரிசையில் ஒரு முகம் கண்ணாடியோடே போய்விட்டது. அது யாரென்றே எனக்கு மறந்திருந்தது. நீ பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராகப் பிடித்து, அது மணி என்று கண்டுபிடித்து, அவன் வீட்டில் இருந்த வேறொரு படத்தைப் பார்த்து வரைந்ததாக எழுதியிருக்கிறாய். சரியாக வந்திருக்கிறான். ஏதோ சேட்டை செய்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிற அதே நிலை.

மேல் மூலையில் வண்ணம் மெல்லிசாக இருக்கிற இடத்தில் பென்சில் கட்டங்கள் லேசாகத் தெரிகின்றன. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எட்டுக்குப் பத்து அங்குலப் படத்தை முப்பத்திரண்டுக்கு நாற்பது ஆக்கியிருக்கிறாய். எத்தனை மடங்கு பெரிதாயிற்று என்று கேட்டால் நாலு என்று சொல்லிவிடாதே. பரப்பு பதினாறு மடங்கு. பரீட்சையில் இதே கணக்கில்தான் நீ மதிப்பெண்ணை விட்டாய். வரைபடத் தாளில் கணக்குக்குப் பதில் என் மூக்கை வரைந்ததும் அந்த வருஷம்தான். அன்று அதைக் கிழித்தேன். கிழித்திருக்க வேண்டாம்.

ஒரு திருத்தம் சொல்கிறேன், கோபப்படாதே. என் சேலை பச்சை இல்லை, கடுகு மஞ்சள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து உனக்கு எப்படித் தெரியும்! மாற்ற வேண்டாம், பச்சையே நன்றாக இருக்கிறது. அப்புறம், என் முகத்தில் அந்தக் கடுகடுப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கிறாய். அதற்குத் தனியாக நன்றி.

வெயில் படாத சுவரில்தான் மாட்டியிருக்கிறேன். பழைய படத்தையும் நீ சொன்னபடி கண்ணாடியில் ஒட்டாமல், நடுவில் அட்டை வைத்துச் சட்டம் போடக் கொடுத்தாயிற்று.

ஒன்றுதான் புரியவில்லை. கடைசி வரிசையில் நீ நிற்கிற இடத்தை ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசலில் முன்னால் நிற்கிறவன் மறைத்து, உன் நெற்றியும் ஒரு காதும்தான் தெரியும். காணாமல் போன மணிக்கு முகம் கொடுத்தவன், உன்னை மட்டும் அப்படியே மறைவில் விட்டுவிட்டாயே! தூரிகை உன் கையில்தானே இருந்தது?

அடுத்த முறை வரும்போது தூரிகையையும் எடுத்து வா. முன்னால் நிற்கிறவனைக் கொஞ்சம் நகர்த்தி நிற்கச் சொல்வோம்.

அன்புடன்,
உன் கணக்கு டீச்சர்