வீட்டுக் கட்டுமானக் கணக்கை முழுமையாகவும் இறுதியாகவும் முடித்துக்கொள்ளும் முன்மொழிவு

தஞ்சாவூர்
12.03.2025

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர்
பெறுநர்: கட்டட ஒப்பந்ததாரர்

ஐயா,

பொருள்: 14.06.2023 தேதியிட்ட கட்டுமான ஒப்பந்தம்; எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி அனுப்பப்படும் சமரச முன்மொழிவு.

1,450 சதுர அடிக்குச் சதுர அடி ரூ.2,250 வீதம் ஒப்பந்தத் தொகை ரூ.32,62,500 ஆகும், அதில் ரூ.27,00,000 தங்களுக்குச் செலுத்தியுள்ளேன். மீதி ரூ.5,62,500-உடன் சுற்றுச்சுவருக்கும் போர்ட்டிகோவுக்கும் கூடுதலாக ரூ.1,18,000 சேர்த்து, மொத்தம் ரூ.6,80,500 கேட்கிறீர்கள். கூடுதல் வேலைக்கு எழுத்து மூலம் உத்தரவு ஏதும் இல்லை என்பதும், மாடிக் குளியலறை நீர்க்கசிவைச் சரிசெய்ய எனக்கு ரூ.1,40,000 செலவானது என்பதும் என் நிலைப்பாடு. யார் கணக்கு சரி என்று இங்கே வாதிட விரும்பவில்லை; இருவரும் நீதிமன்றத்துக்கு அலைவதைத் தவிர்க்கவே இதை எழுதுகிறேன்.

ரூ.4,75,000-ஐ முழுமையானதும் இறுதியானதுமான தீர்வுத் தொகையாகத் தர முன்வருகிறேன். இக்கடிதத்தின் நகலில் தாங்கள் கையொப்பமிட்டு 31.03.2025 மாலை 5 மணிக்குள் என்னிடம் சேர்ப்பித்தால், அடுத்த ஏழு நாட்களுக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் நெஃப்ட் மூலம் ஒரே தவணையில் செலுத்துவேன். அதற்குள் ஏற்காவிட்டால் முன்மொழிவு தானாகவே காலாவதியாகும். ‘ஆட்சேபணையுடன்’, ‘பகுதித் தொகையாக’ போன்ற குறிப்புகளோடு வரும் கையொப்பம் ஏற்பு ஆகாது.

தொகை தங்கள் கணக்கில் வரவாகும் கணத்தில், மேற்படி ஒப்பந்தம், கூடுதல் வேலைகள், தாமதம், வட்டி, செலவுத் தொகை, நீர்க்கசிவு ஆகியவை தொடர்பாக, இன்று தெரிந்தவையும் தெரியாதவையுமாக ஒருவர்மீது ஒருவருக்கு உள்ள எல்லாக் கோரிக்கைகளும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி தீர்ந்தவையாகக் கருதப்படும். நாமோ நம் வாரிசுகளோ நம் உரிமையைப் பெற்றவர்களோ அவற்றைக் குறித்து உரிமையியல் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ வேறெங்குமோ வழக்கோ புகாரோ தொடர்வதில்லை. தொடர்ந்தால் இந்த ஆவணத்தையே முழுத் தடையாக எடுத்துவைக்கலாம். சிமென்ட், கம்பி, மணல் கடைக்காரர்களுக்கும் கொத்தனார், சித்தாள்களுக்கும் தாங்கள் தரவேண்டிய பாக்கி தங்களையே சாரும். அவர்கள் என்னிடம் கேட்டால் ஈடுசெய்வது தங்கள் பொறுப்பு.

இதற்கு ஒரே விலக்கு, மொட்டைமாடித் தளத்துக்குத் தாங்கள் எழுதிக்கொடுத்த ஐந்தாண்டு நீர்க்கசிவு உத்தரவாதம். அது அதன் காலம் வரை தொடரும். இதைத் தனியே எழுதக் காரணம், ‘எல்லாம் முடிந்தது’ என்ற பொதுச்சொல் அதையும் விழுங்கிவிடக்கூடாது என்பதே.

ஏற்கப்படும் வரை இக்கடிதம் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகவோ, 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படியான கடன் ஒப்புகையாகவோ ஆகாது. இதைச் சாட்சியமாக முன்வைக்கவும் கூடாது. ஏற்கப்பட்டபின், தீர்வை நிரூபிக்க இருவரும் இதைத் தாக்கல் செய்யலாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

ஏற்பு: இம்முன்மொழிவைத் தமிழில் முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டு, வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கப் போதிய அவகாசம் பெற்று, எவருடைய வற்புறுத்தலோ பண நெருக்கடியைக் காட்டிய மிரட்டலோ இன்றி, மனமுவந்து நிபந்தனையின்றி ஏற்கிறேன். வாய்மொழியாக வேறு எந்த வாக்குறுதியும் எனக்குத் தரப்படவில்லை.

கட்டட ஒப்பந்ததாரர், இரு சாட்சிகள் முன்னிலையில்