கோயில்பிள்ளை தாத்தாவின் அலமாரி: திருவழிபாட்டு ஆண்டும் அதன் நிறங்களும்

மறைக்கல்வி, 5ஆம் வகுப்பு. கோடிட்ட இடங்களை நிரப்புக. மொத்தம் 24 மதிப்பெண்.

பென்சிலால் எழுதுங்கள். முதலில் ஒருமுறை முழுதும் வாசித்துவிட்டு அப்புறம் நிரப்பினால் சுலபம். பெட்டியில் உள்ள சில சொற்கள் பலமுறை வரும். இரண்டு சொற்கள் எங்குமே வராது, கவனம்!

சொற்பெட்டி: ஊதா, வெள்ளை, பச்சை, சிவப்பு, ரோஸ், நீலம், கறுப்பு, நான்கு, திருவருகை, திருமுழுக்கு, குருத்தோலை, அல்லேலூயா, மரக்கட்டை, நெருப்பு, கிறிஸ்து அரசர், இரத்தம்

பகுதி 1

கோயில்பிள்ளை தாத்தா பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பழைய மர அலமாரியைத் திறந்தார். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே சாமியாரின் பூசை உடுப்புகள் வரிசையாகத் தொங்கின.

"தாத்தா, இன்னைக்கு எந்தக் கலர்?" என்றாள் பீடத்துக்குப் பூ கொண்டுவந்த ஸ்டெல்லா.

"கேலண்டரே வேண்டாம் தாயி. நான் எடுத்து வைக்கிற உடுப்பைப் பார்த்தாலே இது எந்தக் காலம்னு சொல்லிரலாம்" என்றார் தாத்தா.

நமக்குப் புத்தாண்டு ஜனவரி 1. திருச்சபைக்கோ (1) __________ காலத்தின் முதல் ஞாயிறுதான் ஆண்டுத் தொடக்கம். 2026இல் அது நவம்பர் 29. இந்தக் காலத்தில் மொத்தம் (2) __________ ஞாயிறுகள். மலர்வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக எரியும். உடுப்பு (3) __________ நிறம். மூன்றாம் ஞாயிறு மட்டும், விழா நெருங்கிவிட்ட மகிழ்ச்சிக்காக, (4) __________ நிறம் உடுத்தலாம். அந்த உடுப்பு எல்லாப் பங்கிலும் இருக்காது. இல்லாவிட்டால் பழைய நிறமே.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பூசைக்குத் தாத்தா எடுத்துவைப்பது (5) __________. ஆண்டவரின் (6) __________ விழாவோடு அந்தக் காலம் முடியும். குடில் கலையும், பொதுக்காலம் தொடங்கும், (7) __________ உடுப்பு வெளியே வரும்.

திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் பூசும் சாம்பல் எங்கிருந்து வருகிறது? போன ஆண்டு வீட்டுச் சிலுவையில் செருகி வைத்திருந்தோமே, அந்தக் காய்ந்த (8) __________தான். அதை எரித்துச் சலித்து எடுப்பார்கள். தவக்காலத்தில் பெரும்பாலும் (9) __________ நிறம். (10) __________ என்ற வார்த்தையைப் பாஸ்கா இரவு வரை பாட மாட்டோம். வாய் தவறிப் பாடிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார்!

இனிப் புனித வாரம். ஒரே வாரத்தில் நிறம் பலமுறை மாறும், இங்கேதான் எல்லோரும் தப்பு விடுவது. குருத்து ஞாயிறு (11) __________. பெரிய வியாழன் மாலைப் பூசையில் (12) __________. அன்று 'உன்னதங்களிலே' பாடும்போது அடித்த மணி, அதன்பின் அமைதியாகிவிடும். மணிக்குப் பதில் (13) __________ தட்டுவார்கள். புனித வெள்ளிக்கு (14) __________. துக்க நாள்தானே என்று வேறு நிறம் எழுதிவிடாதீர்கள். இயேசு சிந்திய (15) __________தை நினைவூட்டும் நிறம் அது.

பாஸ்கா திருவிழிப்பில் மணிகள் மறுபடி ஒலிக்கும். உடுப்பு (16) __________. அந்த மகிழ்ச்சி பெந்தகோஸ்து வரை நீளும். தூய ஆவியார் (17) __________ நாவுகளாக இறங்கி வந்ததால் பெந்தகோஸ்து அன்று (18) __________.

மறுநாளிலிருந்து மீண்டும் பொதுக்காலம். அலமாரியில் அதிகம் சலவைக்குப் போகும் உடுப்பு இதுதான் என்று தாத்தா சொல்வார். ஆண்டின் கடைசி ஞாயிறு (19) __________ பெருவிழா. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925இல் ஏற்படுத்திய விழா இது.

பகுதி 2: அன்றைக்கு எந்த உடுப்பு?

ஓரியூரில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டு உயிர் கொடுத்தவர் புனித அருளானந்தர். மறைசாட்சியான அவருடைய விழாவுக்குத் தாத்தா எடுப்பது (20) __________.

செப்டம்பர் 8, வேளாங்கண்ணித் திருவிழா. நடந்துபோகும் பக்தர்கள் காவி உடுத்தியிருப்பார்கள். ஆனால் மாதாவின் பிறந்தநாள் பூசைக்குச் சாமியார் உடுத்துவது (21) __________.

பகுதி 3: விரல்விட்டு எண்ணுங்கள் (இங்கே சொற்பெட்டி உதவாது!)

2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, பாஸ்கா ஞாயிறு ஏப்ரல் 5. பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 4 வரை மொத்தம் (22) ______ நாட்கள். நடுவில் வரும் ஞாயிறுகள் (23) ______. அவற்றைக் கழித்தால்தான் 40 வரும்.

ஏப்ரல் 5ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால், பெந்தகோஸ்து நாளான மே 24 (24) ______ஆம் நாள்.

ஆசிரியருக்கு, விடைகள்: 1 திருவருகை, 2 நான்கு, 3 ஊதா, 4 ரோஸ், 5 வெள்ளை, 6 திருமுழுக்கு, 7 பச்சை, 8 குருத்தோலை, 9 ஊதா, 10 அல்லேலூயா, 11 சிவப்பு, 12 வெள்ளை, 13 மரக்கட்டை, 14 சிவப்பு, 15 இரத்தம் ('இரத்தத்தை' என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுக்கலாம்), 16 வெள்ளை, 17 நெருப்பு, 18 சிவப்பு, 19 கிறிஸ்து அரசர், 20 சிவப்பு, 21 வெள்ளை, 22 46, 23 6, 24 50. மிச்சமாகும் சொற்கள்: நீலம், கறுப்பு.